பிரெஞ்சு ஆய்வரங்கிற்கு உரை முன்மொழிவது எப்படி? முனைவர் பட்ட மாணவி ஒருவருக்குப் பதில்

கேள்வி: வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே என் ஆய்வுப் பொருள். 18ஆம் நூற்றாண்டின் வணிகக் கம்பெனிகளிடையே செய்திகள் பரவிய விதம் குறித்து பிரான்சில் நடக்கவுள்ள ஆய்வரங்கிற்கு உரை ஒன்றை முன்மொழிய விரும்புகிறேன். 2,500 எழுத்துகளுக்குள் ஆய்வுச் சுருக்கமும், சில வரிகளில் பேச்சாளர் குறிப்பும் கேட்டிருக்கிறார்கள். அழைப்பறிக்கையையும் என் வரைவுகளையும் இணைத்துள்ளேன். பிரெஞ்சில் இடைநிலையான பி1 தேர்வு முடித்திருக்கிறேன்; உரையை எந்த மொழியில் பேசுவது?

பதில்:

உங்கள் வரைவைப் படிப்பதற்கு முன் நீங்கள் இணைத்திருந்த அழைப்பறிக்கையைப் படித்தேன். பிரான்சில் வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளின் அழைப்புகள் வழக்கமாக ஆய்வரங்கின் மையக் கேள்வியை இரண்டு மூன்று பத்திகளில் விவரித்துவிட்டு, அதை 'அக்ஸ்' எனப்படும் சில கிளைப்பொருள்களாகப் பிரித்துக் கொடுக்கும். இந்த அழைப்பில் மூன்று உள்ளன; அவற்றில் இரண்டாவது, இடைத்தரகர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் பற்றியது. மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷியாக இருந்தவரின் நாட்குறிப்புக்கு வேறெந்தக் கிளையும் இவ்வளவு பொருந்தாது. ஆனால் உங்கள் சுருக்கத்தில் எந்தக் கிளைக்காக எழுதுகிறீர்கள் என்பதே இல்லை. தேர்வுக் குழுவினர் பெரும்பாலும் கிளை வாரியாகத்தான் அமர்வுகளை அமைப்பார்கள் என்பதால், அதைத் தலைப்புக்குக் கீழேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

உங்கள் வரைவின் முதல் பாதி, பிள்ளை 1709இல் பிறந்தார், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக உயர்ந்தார், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார், அது ஈடிணையற்ற வரலாற்றுக் கருவூலம் என்று போகிறது. நம் கருத்தரங்கக் கட்டுரைகளில் இப்படித் தொடங்குவதுதான் மரபு. ஆனால் இந்தியப் பெருங்கடல் வணிகத்தை ஆராயும் குழுவினருக்கு இவையெல்லாம் தெரிந்த செய்திகள். தெரியாதவர் இருந்தாலும் ஒரு வரி போதும். அவர்கள் முதலில் தேடுவது 'ப்ரொப்ளெமாத்திக்' என்று அவர்கள் சொல்லும் ஆய்வுச் சிக்கலை: இதுவரை அறிந்தவற்றில் எது பொருந்தாமல் நிற்கிறது, அதிலிருந்து எந்தக் கேள்வி எழுகிறது என்பதை. அதற்கு அடுத்தபடியாக, எந்த மூலங்களை எந்தக் கால எல்லைக்குள் படிக்கப் போகிறீர்கள், எப்படிப் படிக்கப் போகிறீர்கள் என்று பார்ப்பார்கள். நாட்குறிப்பு முழுவதையும் ஆராயப்போவதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கில மொழிபெயர்ப்பே 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஒரு நூலை இருபது நிமிட உரைக்குள் அடக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரியே முன்மொழிவை ஒதுக்கிவைக்கக் காரணமாகலாம்.

உங்கள் வரைவின் கடைசிப் பத்தியில், 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றிய செய்தி புதுச்சேரிக்கு வந்ததைப் பற்றி மூன்று வரிகள் எழுதியிருக்கிறீர்கள். உரைக்கான பொருள் அங்கேதான் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு சுருக்கத்தைப் பின்வரும் வரிசையில் அமைக்கலாம். சென்னை வீழ்ந்ததையும், அதையொட்டி லா பூர்தொனேக்கும் துய்ப்ளேக்கும் எழுந்த பூசலையும் புதுச்சேரி ஆட்சிமன்றத்தின் அலுவல் கடிதங்களை வைத்தே பெரிதும் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வாக்கியத்தில் தொடங்குங்கள். அடுத்த வாக்கியத்தில், ஒரு செய்தி எவர் வாயிலாக, எந்த மொழியில், எவ்வளவு தாமதத்தோடு ஆளுநரிடம் வந்தது என்பதை அக்கடிதங்களிலிருந்து அறிவது கடினம் என்று சொல்லி, துபாஷியின் தமிழ் நாட்குறிப்பு அந்த இடைவெளியை நிரப்புமா என்று கேளுங்கள். பின்னர் மூலங்களைச் சொல்லுங்கள்: 1746 செப்டம்பர், அக்டோபர் பதிவுகளும், அவற்றோடு ஒப்பிட ஆல்ஃப்ரெட் மார்த்தினோ பதிப்பித்த ஆட்சிமன்றக் கடிதங்களும். செய்தியைக் கொண்டுவந்தவர், அது வந்த நாள், பிள்ளை அதை நம்பினாரா ஐயுற்றாரா என்பவற்றைப் பதிவுதோறும் குறித்து, அதே செய்தி கடிதங்களில் எப்போது இடம்பெறுகிறது என்று பார்ப்பதே உங்கள் முறை. இறுதியாக, இதுவரை படித்தவற்றிலிருந்து தெரியும் தற்காலிக முடிவு ஒன்றை அடக்கமாகச் சொல்லுங்கள். முடிவு உறுதியாகவில்லையென்றால், எந்த இரண்டு விளக்கங்களுக்கு நடுவே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினாலும் போதும்.

நீங்கள் தமிழ் மூலத்தையே படிக்கிறீர்கள் என்பது வரைவில் எங்கும் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டுமே நம்பியிருக்கும் ஆய்வாளர்கள் பலர் இருக்கும் துறையில் அதை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

அளவைப் பொறுத்தவரை, பிரெஞ்சுக்காரர்கள் சொற்களைவிட எழுத்துகளையே அதிகம் எண்ணுவார்கள். சொல்லிடைவெளியும் அந்தக் கணக்கில் சேரும். 2,500 எழுத்து என்றால் ஏறக்குறைய 400 பிரெஞ்சுச் சொற்கள். அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றுக்கு முன்னும் அவர்கள் ஓர் இடைவெளி விடுவார்கள் என்பதால், அவற்றைத் திருத்திய பிறகே கடைசியாக எண்ணிப் பாருங்கள். தலைப்பில் ஆங்கிலத்தைப் போல ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கக் கூடாது. இன்னொன்று: பதிவுப் படிவத்தில் Résumé என்ற கட்டம் வரும், அது ஆய்வுச் சுருக்கத்துக்கானது, தன்விவரப் பட்டியலை அங்கே ஒட்டிவிடாதீர்கள்.

பேச்சாளர் குறிப்பில் உங்கள் பிறந்த தேதி, தந்தை பெயர், மதிப்பெண் விழுக்காடு, புகைப்படம் எல்லாம் இருக்கின்றன, அனைத்தையும் நீக்குங்கள். படர்க்கையில் ஐந்தாறு வரிகள் போதும்: எந்தப் பல்கலைக்கழகத்தில், யாருடைய நெறியாள்கையில், எந்த ஆண்டிலிருந்து, எந்தத் தலைப்பில் ஆய்வு செய்கிறீர்கள், நாட்குறிப்போடு தொடர்புடைய கட்டுரையோ உரையோ இருந்தால் ஒன்றிரண்டு. வெளியீடு இல்லையென்றால் அதற்காக வரியை நீட்ட வேண்டாம்; ஆய்வு மாணவர்களிடம் நீண்ட பட்டியலை எவரும் எதிர்பார்ப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கையெழுத்தைப் படிப்பீர்கள் என்றால் அதை இங்கேயும் ஒரு முறை சொல்லலாம்.

பெயரில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. படிவம் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கும். நமக்கோ முன்னெழுத்துதான் உண்டு. உங்கள் கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே அப்படியே எழுதுங்கள். தேர்வானால் அமைப்பாளர்கள் விசாவுக்காகத் தரும் அழைப்புக் கடிதம் இந்தப் பெயரில்தான் வரும். அது கடவுச்சீட்டிலிருந்து மாறுபட்டால் மறுபடியும் கடிதம் கேட்டு அலைய நேரிடும்.

எந்த மொழியில் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். அழைப்பில் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. உரையைப் பார்த்துப் படித்துவிடலாம். அதன் பின் வரும் பத்து நிமிடக் கேள்விகளை பி1 நிலையில் சமாளிப்பது கடினம் என்பதே என் கருத்து. சுருக்கத்தைப் பிரெஞ்சில் எழுதி உங்கள் ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். உரை ஆங்கிலத்தில், திரையில் காட்டும் பக்கங்கள் பிரெஞ்சில் என்று முன்மொழிவிலேயே குறிப்பிடுங்கள். இரு மொழி ஆய்வரங்குகளில் இந்த ஏற்பாடு வழக்கத்தில் உள்ளதே.

மின்னஞ்சலின் உடலில் நான்கு வரிகளுக்கு மேல் வேண்டாம். பொருள் வரியும் கோப்பின் பெயரும் இப்படி இருக்கட்டும்:

```
Proposition de communication – Axe 2 – NOM Prénom
NOM_Prenom_proposition.pdf
```

பயணச் செலவில் ஒரு பகுதியையாவது ஏற்பார்களா என்று அழைப்பில் இல்லாததால், அதைக் கடைசி வரியில் ஒரே வாக்கியத்தில் கேட்பதில் தவறில்லை. கெடு நாள் இரவு 23.59 என்பது பாரிஸ் நேரம். நமக்கு அது கோடையில் மறுநாள் அதிகாலை 3.29, குளிர்காலத்தில் 4.29. அதை நம்பிக் காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வராவிட்டால், அதே மின்னஞ்சலை மேற்கோளாக வைத்து ஒரே ஒரு முறை விசாரியுங்கள்.