அரை கிலோ கரி, கோலி வேண்டாம்

"'அரை கிலோ கரி வாங்கு, கோலி வேண்டாம், மீன் கிடைத்தால் பரவாயில்லை' என்று அத்தை அனுப்பியிருக்கிறார். என்ன வாங்குவது?"

அத்தை தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அதனால் சொற்களைத் திரும்ப அப்படியே எழுதிப் பாருங்கள்: kari, koli. அதில் ர, ற இரண்டுக்கும் ஒரே r. ழ, ல இரண்டுக்கும் பலர் l தான் தட்டுவார்கள். ஆக கரி கறியாகவும் இருக்கலாம், கோலி கோழியாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்வது, மாறாமல் நிற்கும் 'மீன்'. மீனோடு சேர்வது கறியும் கோழியும்தான். கறி என்றால் இங்கே ஆட்டுக்கறி.

'வேண்டாம்' மட்டும் சந்தேகம். vend என்றதும் 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டுமே பரிந்துரையில் வரும், விரல் தவறியிருக்கலாம். எப்படி வாசித்தாலும் வாக்கியம் பொருந்துகிறது. சரி, கோழிக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.