லாபம் 40 கோடி, கையில் வந்தது 8 கோடி

“கம்பெனி 40 கோடி லாபம் காட்டியிருக்கு. செயல்பாட்டு ரொக்க வரவு 8 கோடிதான். மீதி எங்கே? தில்லுமுல்லா?”

இப்படிக் கேட்டு நீங்கள் இணைத்த ரொக்க ஓட்ட அறிக்கையிலேயே பதில் இருக்கிறது. லாபத்தோடு தேய்மானம் 10 கோடியைக் கூட்டுங்கள். அது கணக்கில் மட்டும் கழித்த செலவு, பணம் வெளியே போகவில்லை. இப்போது 50. வாடிக்கையாளர் பாக்கி 35 கோடி கூடியிருக்கிறது, சரக்கு இருப்பும் 12 கோடி கூடியிருக்கிறது. இரண்டையும் கழித்தால் 3. சப்ளையர்களுக்கு இவர்கள் வைத்த கூடுதல் பாக்கி 5 கோடி, ஆக 8.

பில் போட்ட அன்றே அது விற்பனை, லாபமும் அதில் வந்துவிடும். பணம் வருவது வேறு கதை. வளரும் கம்பெனியில் பாக்கி கூடுவது சகஜம்தான். ஆனால் இங்கே விற்பனை 300லிருந்து 360 கோடி, அதாவது 20% வளர்ச்சி. பாக்கியோ 60லிருந்து 95. முன்பு 73 நாள் விற்பனைக்குச் சமமாக இருந்த பாக்கி இப்போது 96 நாள். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதை வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. ஆண்டறிக்கைக் குறிப்புகளில் பாக்கியின் வயதுவாரிப் பட்டியல் இருக்கும், எவ்வளவு பாக்கி எத்தனை காலமாக நிற்கிறது என்று அதில் தெரியும். 6 மாதத்துக்கு உட்பட்டதே பெரும்பகுதி என்றால், கணக்கு முடியும் மார்ச்சில் அவசரமாகச் சரக்கைத் தள்ளினார்களா என்று பாருங்கள். ஜூன் காலாண்டு விற்பனை சரிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒரு வருடம் தாண்டியது நிறைய என்றால், வாராக்கடன் ஒதுக்கீடு போதுமா என்று பாருங்கள்.

அப்புறம், அந்த 8 கோடியிலிருந்து இயந்திரத்துக்குப் போன 30 கோடியையும் கழித்தால் மிஞ்சும் பணம், அதாவது ஃப்ரீ கேஷ் ஃப்ளோ, மைனஸ் 22 கோடி. அது புது ஆலைக்கான செலவு என்றால் அவ்வளவு கவலையில்லை. ஆனால் அதே வருடம் டிவிடெண்டும் கொடுத்திருக்கிறார்களே, அந்தப் பணம் கடனில் வந்ததா?