மூன்று மூட்டை சலுகை: வாசகம் எப்படி?

"பட்டர்வொர்த்தில் பூனை உணவு விற்கிறேன். மூன்று மூட்டை சலுகைக்கு உடல்நல வாக்குறுதி இல்லாமல் என்ன எழுதலாம்?"

இப்படி எழுதுங்கள்:

"வளர்ந்த பூனைகளுக்கான உலர் உணவு, 7 கிலோ. ஒரு மூட்டை 77 ரிங்கிட். மூன்று சேர்த்து 210 ரிங்கிட், அதாவது கிலோ 10 ரிங்கிட். கச்சாப் புரதம் குறைந்தது 30%, மூட்டை லேபிளின்படி. காலாவதித் தேதி மூட்டையில் உள்ளது."

எண்களை உங்கள் மூட்டையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 'குறைந்தது' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். லேபிள் சொல்வது கீழ்வரம்பு. அந்தச் சொல் போனால் அது துல்லிய அளவாகிவிடும். 'அதிகப் புரதம்' என்றால் எதைவிட என்ற கேள்வி வரும். 'முடி பளபளக்கும்', 'சிறுநீரகத்துக்கு நல்லது' இரண்டும் பலனைச் சொல்பவை, வேண்டாம். 'முழுமையான, சமச்சீர் உணவு' என்பதை மூட்டையில் அச்சாகியிருந்தால் மட்டும், எந்த வயதுப் பூனைக்கு என்பதோடு சேர்த்துப் போடலாம். 'வளர்ந்த' விடுபட்டால் குட்டி வைத்திருப்பவரும் வாங்கிப்போவார்.

தேதி வரி ஏன்? நாளுக்கு 60 கிராம் தின்னும் ஒற்றைப் பூனைக்கு 21 கிலோ என்பது ஏறக்குறைய ஒரு வருடத் தீனி. பிரித்த ஒரு மூட்டையே நான்கு மாதம் ஓடும். நம் ஊர் வெக்கையில் அதற்குள் கொழுப்பு சிக்கடித்துவிடும். ஆகவே 'பல பூனைகள் உள்ள வீடுகளுக்கு' என்று தலைப்பிலேயே போடுவது நேர்மை.