டிரைவ்கள் நிறைந்த ஆலையில் எர்த் லீக்கேஜ் ரிலே ஏன் வீணாக ட்ரிப் ஆகிறது?

"24 டிரைவ் ஓடும் பேனலில் 300 mA எர்த் லீக்கேஜ் ரிலே, கரண்ட் போய் வந்தாலே ட்ரிப் ஆகிறது. மெக்கர் பார்த்தால் எல்லாம் நல்லாவே இருக்கிறது. ஏன்?"

டிரைவுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்தான் காரணமாக இருக்கும். அது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே இருப்பதால், இன்சுலேஷன் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போகும். மெக்கர் டிசி வோல்டேஜ் கொடுப்பதால் இது அதில் தெரியாது.

ஃபேஸுக்கு 0.2 µF என்று வைத்துக்கொள்வோம்:

```
I = 2π × 50 × 0.2e-6 × 230 ≈ 14.45 mA
24 × 14.45 ≈ 347 mA
```

மூன்று ஃபேஸும் சமமாக இருக்கும்போது இவை ஒன்றையொன்று பெரும்பாலும் ரத்து செய்துவிடும், மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், ரிலே பேசாமல் இருக்கும். சப்ளை திரும்பும்போது பிரேக்கரின் ஒரு போல் சில மில்லி செகண்ட் முந்தினாலோ, ஒரு ஃபேஸ் போனாலோ அந்தச் சமநிலை கெடும். அப்போது முழு 347 mA-வும் ரிலே கண்ணில் படும்.

உறுதி செய்ய, மூன்று ஃபேஸையும் (நியூட்ரல் இருந்தால் அதையும்) சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரில் பிடித்து, டிரைவ்களின் சப்ளையை ஒவ்வொன்றாக ஆஃப் செய்யுங்கள். சிறு சிறு படியாகக் குறைந்தால் ஃபில்டர். ஒரே டிரைவில் சட்டென்று விழுந்தால் அது நிஜமான பழுது, அந்த மோட்டார் கேபிளைப் பாருங்கள்.

முதலில் ரிலேயில் 0.2 செகண்ட் டிலே வையுங்கள். போல் முந்துவதால் வரும் ட்ரிப்பு அதிலேயே நின்றுவிடும். ஃபேஸ் போகும்போதும் ட்ரிப் ஆனால் டிரைவ்களை இரண்டு ரிலேயாகப் பிரியுங்கள். தயவுசெய்து எர்த் ஒயரை மட்டும் கழற்றாதீர்கள். அந்தக் கரண்ட் அப்புறம் ஆள் வழியாகப் போகும்.