பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய விழா மலரை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

"எங்கள் ஊர், நாகர்கோவில் பக்கம். கோயில் விழா மலரின் பழைய வேர்ட் கோப்பு 'ehfh;Nfhtpy;' என்றே தெரிகிறது. இலவசமாக மாற்ற வழி உண்டா?"

அது பாமினியேதான், 'நாகர்கோவில்' என்று அடித்திருக்கிறார்கள். விண்டோஸில் NHM Converter இலவசம். பாமினியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து, முதலில் ஒரு பத்தியை மட்டும் ஒட்டிப் பாருங்கள்.

சிக்கல் காற்புள்ளியில்தான் வரும். பாமினியில் `,` என்ற விசை 'இ'. காற்புள்ளிக்கு `>` அடிக்க வேண்டும். பல தட்டச்சர்கள் காற்புள்ளிக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவுக்குத் தாவிவிடுவார்கள். மாற்றும்போது எழுத்துரு விவரம் போய்விடுவதால் அதுவும் 'இ' ஆகிவிடும். 'தக்கலை, குளச்சல்' என்பது 'தக்கலைஇ குளச்சல்' ஆகும். நன்கொடைப் பட்டியலில் 1,000 என்பது 1இ000 ஆகும். தமிழ்ச் சொல் தனி எழுத்தான 'இ'யில் பொதுவாக முடியாது. அதனால் 'இ'யும் இடைவெளியும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடி, காற்புள்ளியும் இடைவெளியுமாக மாற்றலாம். எண்களை மட்டும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள், பணக் கணக்கு அல்லவா!

அப்புறம், ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் உளறலாகிவிடும். அவற்றை மூலக் கோப்பிலிருந்தே எடுத்து ஒட்டுங்கள். மூலத்தை அழித்துவிடாதீர்கள்.