மகத வம்சத்துக்கு ஒரு பாட்டு: ஹிஸ்டரி டீச்சர்கிட்ட கேளுங்க

பையனுக்கு திங்கக்கிழமை டெஸ்ட்டுங்க, மகத வம்சம் வரிசையே மண்டைல நிக்கல. ஏதாச்சும் பாட்டு இருக்குங்ளா? (ஈரோடு)

இருக்குதுங்க, எங்க கிளாஸ்ல பாடுறது:

ஹரியண்ணன் சிசுவைத் தூக்கி
நந்தவனம் போனானாம்
மௌனமாக சுங்கம் தாண்டி
கண்ணம்பாளையம் சேர்ந்தானாம்

ஹரியங்கா, சிசுநாகர், நந்தர், மௌரியர், சுங்கர், கன்வர். கோயமுத்தூர் சுங்கம் தாண்டி திருச்சி ரோட்டுல போனா கண்ணம்பாளையம் பக்கம்தானே, அதனால நம்மூரு புள்ளைங்களுக்கு கடைசி வரி டக்குனு ஒட்டிக்கும். எழுதறப்ப மட்டும் ஊர்ப்பேர் ஸ்பெல்லிங்க விட்டுட்டு புக்குல இருக்கற மாதிரி கன்வர்னு எழுதச் சொல்லுங்க.

எம்பொண்ணு பாட்டு சூப்பரா பாடுறா, ஆனா மௌரியருக்கு முன்னாடி யாருன்னா சுங்கர்ங்கறா. (பல்லடம்)

பாட்டு முன்னாடி மட்டும்தாங்க ஓடும், பின்னாடி கேட்டா முழிப்பாங்க. சிசு, சுங்கம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தம் வேற. அதுக்கு ஒரு கதைய கோத்து விடுங்க. கடைசி மௌரிய ராஜா பிருகத்ரதன், அவர அவரோட சேனாபதி புஷ்யமித்திரனே கொன்னுட்டு ஆட்சிய புடிச்சான், கி.மு. 185 வாக்குல, அங்க ஆரம்பிக்குது சுங்கர். அதே கூத்து திரும்ப நடந்துச்சு, கடைசி சுங்க ராஜா தேவபூதிய மந்திரி வாசுதேவன் முடிச்சுட்டான், அப்ப வந்தவங்க கன்வர். சேனாபதி முதல்ல, மந்திரி அப்புறம். இத ஒருவாட்டி சொல்லிட்டு, சாப்புடறப்ப "நந்தருக்கு முந்தி யாரு கண்ணு?"னு நடுவுலருந்து கேளுங்க, பாட்ட முதல்லருந்து பாடாம பதில் வந்தா சரி, உதடு முணுமுணுன்னு ஆடுச்சுன்னா இன்னும் பழகணும்.

சார், சிசுநாகர்தான் முதல்ல, பிம்பிசாரரே அவங்க வம்சம்னு படிச்சிருக்கேன். பாட்டு தப்பு. (கரூர்)

பாதி சரிங்க தம்பி. புராணங்கள்ல அப்படித்தான் இருக்கு. பௌத்த நூல்கள்ல ஹரியங்கா ராஜாக்களான பிம்பிசாரர், அஜாதசத்ரு முன்னாடி, சிசுநாகர் பின்னாடி. ஸ்கூல் புக்கு பௌத்த வரிசையத்தான் எடுத்திருக்கு, அதனால டெஸ்ட்டுக்கு பாட்டு போதும். எனக்கும் பௌத்த வரிசைதான் பொருந்துது, ஆனா இதுல எல்லாரும் ஒத்துப்போயிட்டாங்கன்னு சொல்ல முடியாது.

அப்படியே சேர சோழ பாண்டியரையும் கடைசில சேத்துக் குடுங்க, ட்யூன் நான் போட்டுக்கறேன். (பொள்ளாச்சி)

ட்யூன் போடுங்க, ஆனா சேக்காதீங்க. இது மகதத்துல ஒருத்தர் எறங்க ஒருத்தர் ஏறுன வரிசை. மூவேந்தரு கன்வருக்கு அப்புறம் வந்தவங்க இல்ல, அசோகரோட 2ஆம் பாறைக் கல்வெட்டுலயே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர்னு வருது, அப்பவே இங்க ஆண்டுட்டு இருந்தாங்க. சாதவாகனருக்கும் இதே சிக்கல், அவங்க தக்காணத்துல, காலம் ஒண்ணுமேல ஒண்ணு விழுது. நோட்டுல மகத வரிசைய ஒரு கோடா போட்டு, மூவேந்தர கீழ தனி கோடா இழுத்துடுங்க.

முகலாயருக்கும் இருந்தா போடுங்க ப்ளீஸ்.

அது வேற பாடமுங்க, திங்கக்கிழமை முடியட்டும்.