பிரெஞ்சில் ‘ஸ’ சேர்ந்து வரும் வினைகளைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: பிரெஞ்சு படிக்கிறேன். ‘ஸ லெவே’ (எழுவது), ‘ஸான் அலே’ (போய்விடுவது) மாதிரி வினைகளைத் தமிழில் எழுதினால் எல்லா இடத்திலும் ‘தன்னை’, ‘கொள்’ என்று வந்து நிற்கிறது. படிக்கவே ஒட்டவில்லை. இயல்பாக எப்படி மொழிபெயர்ப்பது?

பதில்:

நான் காரைக்கால்காரன். 1954 வரை இந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பிரான்சில் இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவர்கள் பிரெஞ்சில் எழுதி அனுப்புவதைப் பாட்டிகளுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வதை வெகுநாளாகச் செய்துவருகிறேன். நீங்கள் கேட்டிருப்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்படி ஒரு பாட்டிதான்.

அவருடைய பேத்தி தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். ஐந்து மணிக்கு ‘ஸ லேவ்’, அப்புறம் ‘ஸ லாவ்’, அப்புறம் ‘ஸாபீய்’, பிறகு யாரையும் ‘ரெவேய்யே’ செய்யாமல் ‘ஸான் வா’. எழுவது, குளிப்பது, உடுத்துவது, யாரையும் எழுப்பாமல் கிளம்புவது, இவ்வளவுதான் விஷயம். நான் அப்போது புதிது. சொல்லுக்குச் சொல் விடாமல் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், “அம்மா ஐந்து மணிக்குத் தன்னை எழுப்பிக்கொள்கிறாள், தன்னைக் கழுவிக்கொள்கிறாள்” என்று வாசித்தேன். பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். “இருப்பா தம்பி. தூங்குறவ அவளையே எப்படி எழுப்புவா? அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார். உண்மையாகவே பயந்துவிட்டார். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. பிரெஞ்சில் ‘லெவே’ என்றால் தூக்குவது, உயர்த்துவது. கையைத் தூக்கலாம், பெட்டியைத் தூக்கலாம். அந்தச் செயல் அடுத்த பொருளுக்குப் போகாமல் செய்கிறவரிடமே நிற்கிறது என்று காட்ட அவர்களுக்கு ஒரு ‘ஸ’ வேண்டியிருக்கிறது. தமிழில் அதற்குத் தனிச்சொல் தேவையில்லை. வினைக்குள்ளேயே அது இருக்கிறது. எழு, எழுப்பு. திரும்பு, திருப்பு. அடங்கு, அடக்கு. நில், நிறுத்து. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். ‘ஸ’ இல்லாத பிரெஞ்சு வினை பெரும்பாலும் நம் பிறவினை; ‘ஸ’ சேர்ந்தது நம் தன்வினை. ‘ஸ லெவே’ வெறும் ‘எழு’. ‘ஸ’வுக்கு என்று தமிழில் தனியாக ஒரு சொல் தேடினால், ஏற்கெனவே சொல்லிவிட்டதை இன்னொரு முறை சொல்வதாகிவிடும்.

அதனால் ‘ஸ’ வந்தவுடன் நான் முதலில் கேட்டுக்கொள்வது: இந்த வினைக்குத் தமிழில் ஒரு தன்வினை இருக்கிறதா? இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ‘ஸ ரெவேய்யே’ விழி, ‘ரெவேய்யே’ எழுப்பு. ‘ஸ கூஷே’ படு, ‘கூஷே’ படுக்கவை. ‘ஸ’ இல்லாத பக்கம்தான் தமிழில் நீளம் என்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சில் அது நேர்மாறு.

தன்வினை தனியாக இல்லாத இடத்தில்தான் ‘கொள்’ தேவைப்படுகிறது. பேத்தி எழுதிய ‘ஸாபியே’ அப்படிப்பட்டது. உடை போடுவது நமக்கும் செய்யலாம், அடுத்தவருக்கும் செய்யலாம். குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிறோம், நாம் போட்டுக்கொள்கிறோம். மகளுக்குத் தலை வாரிவிடுகிறோம், நமக்கு வாரிக்கொள்கிறோம். பூ வைத்துவிடுகிறோம், வைத்துக்கொள்கிறோம். பிரெஞ்சில் ‘ஸ’ இருப்பதும் இல்லாததும் செய்கிற வேலையை இங்கே ‘கொள்’ளும் ‘விடு’வும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு வினையோடு அடுத்தவருக்காகச் செய்யும் ‘விடு’ இயல்பாகச் சேர்ந்தால், தனக்காகச் செய்யும் ‘கொள்’ளும் அங்கே பெரும்பாலும் பொருந்தும். இப்படிச் சோதித்துப் பார்ப்பது எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது.

‘எழுந்துகொண்டான்’ தப்பா என்று கேட்டால், தப்பில்லை. ஆனால் அதற்கு வேறு வாடை உண்டு. பேச்சு நடக்கும்போதே, போதும் என்று முடிவெடுத்து ஒருவர் எழுவதற்கு அது பொருந்தும். காலையில் பாயை விட்டு எழுவதற்குப் பொருந்தாது. மூலத்தில் அந்த வாடை இல்லாதபோது ‘கொள்’ சேர்த்தால், எழுதியவர் சொல்லாத ஒன்றை நாமே சேர்த்ததாகிவிடும்.

‘தன்னை’ வேண்டிய இடம் குறைவு. செய்கிறவர் தன்னையே ஓர் எதிராளியாக நிறுத்திப் பார்க்கும்போதுதான் அது உயிரோடு வரும். தன்னையே வெறுத்தான், தன்னையே நொந்துகொண்டாள். கூடவே ‘ஏ’ வருவதைப் பாருங்கள். அந்த ‘ஏ’ இல்லாமல் வெறும் ‘தன்னை’ வந்தால் அந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பார்ப்பேன்.

‘ஸ லாவே’க்குக் ‘கழுவு’ என்று போட்ட தவறும் இருக்கிறது. ஆள் முழுக்க என்றால் குளி. கை, முகம் என்று உறுப்பைச் சொன்னால் கழுவு. பல் என்றால் விளக்கு அல்லது தேய். பொருளே சொல்லாமல் ‘கழுவிக்கொண்டாள்’ என்று நிறுத்தினால் நம் பக்கத்தில் அது கொல்லைப்புறம் போய்வந்த பேச்சு. ஒரு மகள் தன் தாயைப் பற்றி எழுதியதில் அது வரவே கூடாது. ‘என் கையைக் கழுவுகிறேன்’ என்பதில் ‘என்’னும் வேண்டாம், கை கழுவுகிறேன், போதும்.

‘லெவே’, ‘லாவே’ இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கும். ஆரம்பத்தில் வாயால் சொல்லக் கேட்டு எழுதுகிறவர்கள் எழுவதையும் குளிப்பதையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

‘ஸ லெவே’ எப்போதும் ‘எழு’தானா? ஆளுக்கு மட்டும்தான். பிரெஞ்சில் சூரியனும் ‘ஸ லேவ்’, பொழுதும் ‘ஸ லேவ்’, காற்றும் ‘ஸ லேவ்’, மூடுபனியும் ‘ஸ லேவ்’. தமிழில் சூரியன் உதிக்கும், பொழுது விடியும், காற்று கிளம்பும், மூடுபனி விலகும். ஒரே வினைக்கு நான்கு வினை. எழுவாயைப் பார்க்காமல் வினையை மொழிபெயர்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ‘ஸ ரெத்திரே’யும் அப்படித்தான். வெள்ளம் என்றால் வயலில் தண்ணீர் வடிந்தது. கடல் என்றால் உள்வாங்கியது. 2004 டிசம்பருக்குப் பிறகு எங்கள் கரையில் ‘உள்வாங்கியது’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை.

இப்போது ‘ஸான் அலே’. இதில் ‘ஸ’வைவிட நடுவில் ஒளிந்திருக்கும் ‘ஆன்’தான் முக்கியம். ‘அங்கிருந்து’ என்று பொருள். வெறும் ‘அலே’ போகிற இடத்தைப் பார்க்கிறது: கும்பகோணம் போகிறான். ‘ஸான் அலே’ விட்டுப் போகிற இடத்தைப் பார்க்கிறது. எங்கே போகிறான் என்பது அங்கே பேச்சே இல்லை. தமிழில் அந்தப் பார்வை ‘கிளம்பு’வில் இருக்கிறது. போய் முடிந்துவிட்டது என்றால் ‘போய்விட்டான்’.

ஆனால் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது இங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடும். ‘ஸ’வும் ஆளுக்கேற்ப மாறும், ‘நான்’ என்றால் ‘ம’, ‘நீ’ என்றால் ‘த’. விருந்தாளி வாசலில் நின்று ‘ழ மான் வே’ என்றால் அது ‘போயிட்டு வர்றேன்’. பிரெஞ்சில் திரும்பி வருவது பற்றி ஒன்றுமே இல்லை, நான் கிளம்புகிறேன் என்பதுதான். இருந்தாலும் நம் வீட்டு வாசலில் நின்று யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, சொன்னால் பெரியவர்கள் முகம் மாறும். கோபத்தில் சொல்லும் ‘வா-தான்’ (தமிழ்க் காதுக்கு ‘வா’ என்று கேட்கும், பொருளோ நேர் எதிர்) ‘போயிடு இங்கேருந்து’. கறை பற்றி என்றால் கறை போய்விடும், வலி பற்றி என்றால் வலி விட்டுவிடும். இறப்பைப் பற்றி எழுதியிருந்தால் ‘போய்ச் சேர்ந்தார்’. அதுவும் வயதானவர், நல்லபடியாக முடிந்தவர் என்றால் மட்டும். இளம் வயதுச் சாவுக்கு அந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். ‘போய்விட்டான்’ என்பதே அங்கே தாங்கும்.

சரி, பேத்தியின் வரிக்கு வருகிறேன். கடைசியில் நான் பாட்டிக்கு வாசித்தது இது:

“அம்மா அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துவிடும். குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் கிளம்பிப் போய்விடும்.”

நான்கு ‘ஸ’ இருந்த இடத்தில் ஒரே ஒரு ‘கொண்டு’. தன்னை என்பது ஒன்றுகூட இல்லை. ‘எழுந்துவிடும்’, ‘எழுப்பாமல்’ என்று தன்வினையும் பிறவினையும் எதிரெதிரே நிற்பதால், தான் மட்டும் எழுந்து மற்றவர்களைத் தூங்கவிடும் அம்மா கண்ணுக்குத் தெரிகிறார். பிரெஞ்சில் தனித்தனியாக வந்த வினைகளை எச்சங்களாகக் கோத்துவிட்டேன், தமிழில் அடுத்தடுத்து நடக்கும் வேலைகள் அப்படித்தான் ஓடும். பிரெஞ்சில் நிகழ்காலம் இருந்தும் ‘எழுகிறது’ என்று போடவில்லை. தினமும் நடப்பதைச் சொல்ல நமக்கு ‘எழுந்துவிடும்’தான் வாகு. ‘எழுந்துவிடுவாள்’ என்று எழுதாததற்குக் காரணம், அந்த வீட்டில் பிள்ளைகள் ‘அம்மா வரும், அம்மா போகும்’ என்றுதான் பேசுவார்கள். வேறு வீடாக இருந்தால் ‘எழுந்துவிடுவாங்க’ என்று போட்டிருப்பேன்.

பாட்டி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான், சத்தம் போடாம எந்திரிச்சுப் போயிடும்” என்றார். அந்த மாதம் அவருக்கே காய்ச்சல் வந்து படுத்துத் தேறியிருந்தார். பதில் எழுதச் சொன்னார்: “நான் இப்ப எழுந்து நடமாடுறேன்னு எழுது தம்பி.” அதற்கும் பிரெஞ்சில் ‘ஸ லெவே’தான். நோயாளி படுக்கையை விட்டு எழ ஆரம்பித்துவிட்டார் என்பதற்கு அவர்கள் அந்த வினையைத்தான் போடுவார்கள். ‘நடமாடுறேன்’ என்பதற்குத் தனியாக ஒரு சொல் தேடாமல், ‘இப்போது’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லோடு “ழ ம லேவ்” என்று எழுதி அனுப்பினேன்.